கியூ.ஆர். வைத்த சின்னக் கடையில் ராத்திரிக் கணக்கு இடித்தால் எங்கே பார்ப்பது

பாம்பன் ரோட்டுப் பாலம் இறங்கியதும் வரிசையாக நிற்கும் தகரக் கூரைக் கடைகளில் ஒன்று எங்களுடையது. நெத்திலி, வாளை, திருக்கை, சீலா என்று கருவாடு மட்டும்தான். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது வியாபாரம் நடக்கும். அதில் பாதி ஸ்கேன். காலையில் நாத்தனார் உட்காருவாள், மதியத்துக்கு மேல் நான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கல்லாவை எண்ணிப் பார்த்து, "மதினி, எண்ணூறு ரூபாய் இடிக்குது" என்று அவள் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. இப்போதெல்லாம் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம். எந்த மாதிரி இடித்தால் எங்கே பார்க்கிறோம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடையில் ஒட்டியிருப்பது சொந்த கியூ.ஆரா, கடைக்கென்று வாங்கிய வணிகர் கியூ.ஆரா? சொந்தம் என்றால் ஒவ்வொரு பணமும் அந்த நிமிடமே உங்கள் பேங்க் கணக்கில் தனித்தனியாக விழும். வணிகர் கியூ.ஆர். என்றால் பெரும்பாலும் பணம் முதலில் அந்தக் கம்பெனியிடம் சேரும், பிறகு மொத்தமாக ஒரே வரவாக உங்கள் கணக்குக்கு வரும். கணக்கு இடிப்பதில் பாதி இந்த 'மொத்தமாக' என்ற வார்த்தைக்குள்தான் இருக்கிறது. எங்களுடையது வணிகர் கியூ.ஆர்., பேசும் பெட்டியோடு சேர்த்து வாங்கியது.

"போயிருச்சுக்கா" என்கிறார், பெட்டி வாய் திறக்கவில்லை

வாடிக்கையாளரின் போனைப் பார்க்காதீர்கள், உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள். அவர் திரையில் பச்சை டிக் இருக்கலாம், அதே மாதிரி டிக் காட்டும் போலி ஆப்களும் இருக்கின்றன. உங்கள் ஆப்பின் வரவுப் பட்டியலை ஒருமுறை கீழே இழுத்துப் புதுப்பித்து, தொகையும் நேரமும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பணம் சேர்ந்துவிட்டது, பெட்டிக்குத்தான் சிக்னல் இல்லை. பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது. தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரியும்போது இங்கே வரைக்கும் டவர் திணறும். அன்றைக்கெல்லாம் பெட்டி பத்து நிமிடம் கழித்து, ஆள் மண்டபம் தாண்டிப் போன பிறகு, "முந்நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சாவகாசமாகச் சொல்லும்.

பட்டியலில் வரவில்லை என்றால் அவர் போனில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். `Failed` என்றால் மறுபடி போடச் சொல்லலாம், அல்லது ரொக்கம் வாங்கலாம். `Pending` என்றால்தான் சிக்கல். அவர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், நமக்கு வந்திருக்காது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நாங்கள் ரொக்கம் கேட்போம். கூடவே அவர் போன் நம்பரையும், பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்வோம். பிற்பாடு அந்தப் பணம் நமக்கு வந்து சேர்ந்துவிட்டால் திருப்பித் தர வேண்டுமே.

வராமலே போனால் அது தானாக அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். ரிசர்வ் வங்கி 2019-இல் கொண்டுவந்த கால வரையறைப்படி, கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணம் கடையில் உறுதியாகவில்லை என்றால், அந்த நாளுக்குப் பின் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் பேங்க் நஷ்ட ஈடு தர வேண்டும். நபருக்கு நபர் அனுப்பியதற்கு இந்தக் கெடு ஒரே நாள்தான். இதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் அவர் சண்டையை நம்மிடம் போடாமல் தன் பேங்கிடம் போடுவார்.

அந்த 12 இலக்க எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2025 ஆகஸ்ட் 29 என்றால் ஆண்டின் 241-ஆவது நாள், ஆகவே எண் 5241 என்று தொடங்கும். ஒருவர் இன்றைக்கு அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டி, எண் வேறு நாளைக் காட்டினால் அது பழைய படமாக இருக்கலாம். ஆனால் நாள் சரியாக இருப்பதாலேயே பணம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் வேறு கடையில் கொடுத்த படமாகவும் அது இருக்கலாம். சந்தேகத்தை உறுதிப்படுத்தத்தான் இது உதவும். பணத்தை உறுதிப்படுத்த நம் ஆப் மட்டும்தான்.

ஆப்பில் நோட்டைவிடக் கூடுதல், கல்லாவில் குறைவு

இதுதான் எங்களை அதிகம் படுத்தியது. ஒரு வெள்ளிக்கிழமைக் கணக்கை அப்படியே தருகிறேன்.

நோட்டில் அன்றைய விற்பனை 14,650 ரூபாய். அதில் ரொக்கம் என்று குறித்தது 6,320, ஸ்கேன் என்று குறித்தது 8,330. காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் போட்டது 1,000. கவர் வாங்கியது, டீ குடித்தது என்று கல்லாவிலிருந்து எடுத்த செலவு 210. ஆகவே ராத்திரி கல்லாவில் இருக்க வேண்டியது:

```
1000 + 6320 - 210 = 7110
```

எண்ணினால் 6,330 தான் இருந்தது. 780 ரூபாய் குறைவு. நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது, ஏனென்றால் முக்கால்வாசி நேரம் கல்லாவில் இருந்தது அவள்.

ஆப்பைத் திறந்தோம். அன்றைய மொத்த வரவு 9,110. நோட்டில் ஸ்கேன் 8,330. அங்கே 780 ரூபாய் கூடுதல். கல்லாவில் குறைந்ததும் ஆப்பில் கூடியதும் ஒரே எண். அப்படி வந்தால் பணம் எங்கேயும் தொலையவில்லை, ரொக்கம் ஸ்கேனாக இடம் மாறியிருக்கிறது, அதை யாரோ எழுதவில்லை என்று அர்த்தம். இனி தேட வேண்டியது ஆப்பில் இருந்து நோட்டில் இல்லாத வரவுகளை மட்டும்தான்.

ஆப் பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, நோட்டில் அதே தொகைக்கு டிக் போட்டுக்கொண்டே வந்தோம். இரண்டு வரவு டிக் இல்லாமல் நின்றது. 11.40-க்கு ஒரு 500, மாலை 4.15-க்கு ஒரு 280.

500 எது என்று நாத்தனாருக்கு உடனே ஞாபகம் வந்தது. பக்கத்தில் வலை பின்னும் அண்ணன் வந்து, "அம்மாடி, ஏ.டி.எம்.ல காசு இல்ல, ஐந்நூறு போட்டு விடுறேன், ரொக்கமாக் குடு" என்று வாங்கிப் போயிருக்கிறார். கருவாடு விற்கவில்லை, எனவே நோட்டில் எழுதவில்லை. ஆப்பில் 500 ஏறியது, கல்லாவில் 500 இறங்கியது. மற்றது என் தப்பு. மதுரைக் கார் ஒன்றில் வந்தவர் 280 ரூபாய்க்கு நெத்திலி கேட்டுப் பர்ஸை எடுத்தார், நான் ரொக்கம் என்று எழுதிவிட்டேன். அப்புறம் சில்லறை இல்லை என்று அவர் ஸ்கேன் செய்துவிட்டுப் போனார். நோட்டைத் திருத்த மறந்துவிட்டேன். 500-உம் 280-உம் சேர்ந்து 780.

கவனியுங்கள், இந்த இரண்டு தப்பும் ஒரே மாதிரி இல்லை. 280-இல் விற்பனை மொத்தம் 14,650 மாறாது, ரொக்கத்திலிருந்து ஸ்கேனுக்கு நகர்த்தி எழுத வேண்டும், அவ்வளவுதான். 500 விற்பனையே இல்லை. அதை ஸ்கேன் விற்பனையில் சேர்த்து எழுதினால் இல்லாத வியாபாரம் கணக்கில் ஏறும். மாதம் முழுக்க இப்படி நடந்தால் கொள்முதலுக்கும் விற்பனைக்கும் பொருந்தாது, நாளைக்கு வரி பார்ப்பவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். நாங்கள் இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'மாத்து' என்று தனியாக ஒரு பத்தி வைத்து எழுதுகிறோம்.

கல்லாவில் குறைவு இருந்து ஆப் நோட்டோடு சரியாகப் பொருந்தினால் கதை வேறு. அப்போது சில்லறை தப்பாகக் கொடுத்திருப்பீர்கள், அல்லது எழுதாமல் கல்லாவிலிருந்து எடுத்த செலவு ஒன்று இருக்கும். ஆப் பக்கம் தேடிப் பயனில்லை.

ஆப்பில் 9,110, பேங்கில் 8,935.36

மறுநாள் காலை பேங்க் மெசேஜ் வந்தது. 8,935 ரூபாய் 36 பைசா. 174.64 குறைவு.

முதலில் பைசாவைப் பாருங்கள். கடையில் யாரும் பைசாவில் கருவாடு வாங்குவதில்லை. வரவு பைசாவோடு முடிந்தால் ஏதோ சதவீதக் கட்டணம் கழிந்திருக்கிறது. முழு ரூபாயில் குறைந்தால் பெரும்பாலும் வாடகை, அல்லது நீங்களே ஆப் வழியாகத் திருப்பிக் கொடுத்த பணம்.

பேங்க் கணக்கிலிருந்து யு.பி.ஐ.-இல் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பது 2020 ஜனவரி 1-இலிருந்து கிடையாது. 50 ரூபாய்க்கும் இல்லை, 5,000-க்கும் இல்லை. "ஸ்கேன் பண்ணினா உங்களுக்குக் கமிஷன் போகுமாமே" என்று வாடிக்கையாளர்களே இரக்கப்பட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் நினைப்பது இந்தப் பணத்தை, அதில் எதுவும் போவதில்லை. ஆனால் அதே கியூ.ஆரில் வேறு இரண்டு வகைப் பணமும் வரலாம். ஒன்று, யு.பி.ஐ. ஆப்பில் சேர்த்துவைத்த ரூபே கிரெடிட் கார்டு. இன்னொன்று, வாலட்டில் கிடக்கும் பணம். சிறு வணிகராகப் பதிவான கடைக்கு ரூபே கிரெடிட் கார்டில் 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் உண்டு. வாலட் பணத்துக்கும் 2,000-க்கு மேல் போனால் தொகையில் அதிகபட்சம் 1.1 சதவீதம் வரை பரிமாற்றக் கட்டணம் என்று 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. இது வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணம் இல்லை, கடையை இணைத்த கம்பெனி பக்கம் விழுவது. அதை அவர்கள் நம்மிடம் பிடிப்பார்களா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

ஆப்பில் `Settlement` என்ற பக்கத்தைத் திறந்து அந்த நாளைத் தொட்டால் கழித்த விவரம் வரிவரியாக இருக்கும். எங்களுடையதில் இரண்டு வரி இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு குடும்பம் ஊருக்கு எடுத்துப் போக 2,400 ரூபாய்க்குச் சீலாக் கருவாடு வாங்கியது. பணம் ரூபே கிரெடிட் கார்டிலிருந்து வந்திருக்கிறது, பெட்டி எப்போதும் போல "இரண்டாயிரத்து நானூறு ரூபாய்" என்று மட்டும்தான் சொன்னது. எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு 2 சதவீதம். மற்றொரு வரி பேசும் பெட்டியின் மாத வாடகை 100 ரூபாய். இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

```
2400 x 2%       =  48.00
48 x 18%        =   8.64
100 + 18%       = 118.00
மொத்தம்          = 174.64
9110 - 174.64   = 8935.36
```

பொருந்திவிட்டது. உங்கள் விகிதம் வேறாக இருக்கலாம், ஆனால் வழி இதேதான்.

2,400-ஐ 1,200, 1,200 என்று இரண்டாகப் போடச் சொல்லலாமா என்று பக்கத்துக் கடை அண்ணன் கேட்டார். எனக்கு அதில் விருப்பமில்லை. 56 ரூபாய்க்காக வாடிக்கையாளரை இரண்டு தரம் பின் நம்பர் போட வைத்து, அதில் ஒன்று `Pending` ஆகி நின்றால் அன்றைய கணக்கே குழம்பிவிடும். பெரிய பில் என்றால், "பேங்க் கணக்குல இருந்து போட முடியுமா சார்?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேரிடம் 56 ரூபாய் போனால் போகிறது.

வாடகை விஷயத்தில்தான் நான் கறாராக இருப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலம். ஊரே மந்தமாகிவிடும், ஆனால் பெட்டி வாடகை மட்டும் தவறாமல் கழியும். சில இடங்களில் மாதத்தில் இத்தனை வரவு வந்தால் வாடகை இல்லை என்று பேசித் தருகிறார்கள். கையெழுத்துப் போடும்போதே அந்த வரியைப் படித்துவிடுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு ரசீது வாங்குங்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பெட்டியைக் கொடுத்த பிறகும் நாலு மாதம் வாடகை போனது. கையில் ரசீது இருந்ததால்தான் திரும்பக் கிடைத்தது.

எந்த நாள் பணம் என்றே புரியவில்லை

பேங்க் வரவை நாளோடு பொருத்தப் பார்த்தால் இது நடக்கும். நம் நாள் கடை மூடும்போது முடிகிறது, கம்பெனியின் நாள் அவர்கள் வெட்டும் நேரத்தில் முடிகிறது. எங்களுடையது நள்ளிரவுக்கு நள்ளிரவு. சிலருக்கு அதற்கு முன்பே வெட்டிவிடுவார்கள், சிலருக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று முறை பிரித்து வரும். திருவிழா ராத்திரி கடை விடிய விடியத் திறந்திருந்தால் பன்னிரண்டு மணிக்கு மேல் விற்றது எல்லாம் மறுநாள் வரவில் போய் உட்காரும்.

ஆகவே நோட்டை ஆப்போடு பொருத்துங்கள், நாள்வாரியாக. பேங்கை `Settlement` பக்கத்தோடு பொருத்துங்கள், வரவுவாரியாக. நோட்டை நேராக பேங்கோடு பொருத்தவே வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மொத்த வரவுக்கும் ஒரு யு.டி.ஆர். எண் இருக்கும். அதே எண் பேங்க் ஸ்டேட்மென்டிலும் இருக்கும். எண் ஒன்றாக இருந்தால் பணம் அதுதான், தேதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். `Settlement` பக்கத்தில் அனுப்பியாயிற்று என்று இருந்து அந்த யு.டி.ஆர். ஸ்டேட்மென்டில் இல்லை என்றால் மட்டும் புகார் செய்யுங்கள், அந்த எண்ணைச் சொல்லியே செய்யுங்கள்.

காலையிலிருந்து ஒரு வரவும் இல்லை, ஆனால் ஸ்கேன் செய்கிறார்கள்

உடனே கடையை நிறுத்திவிட்டு உங்கள் சொந்தப் போனில், வேறு கணக்கிலிருந்து, ஒரு ரூபாய் போடுங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். வேறு பெயர் என்றால் யாரோ ராத்திரி உங்கள் கியூ.ஆர். மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். விளிம்பை நகத்தால் கீறினால் மேல் தாள் கழன்று வரும்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் பணம் அனுப்பாத சாதாரண கியூ.ஆர். ரீடரில் காட்டுங்கள். இப்படி ஒரு வரி வரும்:

```
upi://pay?pa=ungalkadai@bank&pn=UNGAL%20KADAI&cu=INR
```

இதில் `pa=` என்பதற்குப் பின்னால் இருப்பதுதான் பணம் போய்ச் சேரும் முகவரி. `pn=` வெறும் பெயர்ப் பலகை, அதில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் `pa` என்ன என்பதை இன்றைக்கே நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

பெயர் சரியாக இருந்து ஸ்கேனே எடுக்கவில்லை என்றால் அட்டையைத் துடைத்துப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு ஒரு வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். பெட்டியின் சார்ஜ் வாயும் அந்த உப்பால்தான் பச்சை பூத்துப் போகிறது, அதை ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

பேங்க் கணக்கே முடங்கிவிட்டது

வரவு வருகிறது, எடுக்க முடியவில்லை. பேங்கில் கேட்டால் 'லீன்' போட்டிருக்கிறது, அதாவது பணத்தை எடுக்க விடாமல் நிறுத்திவைத்திருக்கிறது என்கிறார்கள். எங்கோ ஒருவர் ஏமாந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் செய்திருப்பார், அந்தப் பணம் கை மாறி மாறி உங்கள் கியூ.ஆருக்கு வந்திருக்கும். பேங்க் கிளையில் எந்தத் தொகை, எந்தத் தேதி, எந்த ஊர் போலீஸ், புகார் எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். தகராறு ஒரு தொகைக்குத்தான் என்றால் அதை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி மனு கொடுங்கள். அந்தத் தேதிக்கு நோட்டில் என்ன விற்றது என்று இருந்தால் அதன் நகலை இணையுங்கள். 640 ரூபாய் வந்தது, அன்றைக்கு அந்த நேரத்தில் 640-க்குக் கருவாடு விற்றிருக்கிறது என்று காட்ட முடிகிறவருக்குப் பேச இடம் இருக்கிறது.

காட்ட முடியாதது 'மாத்து' கொடுத்த பணம். பொருள் எதுவும் போகவில்லை, ரொக்கம் மட்டும் போயிருக்கிறது. திருட்டுப் பணத்தை ரொக்கமாக்க நினைப்பவருக்கும் அதுதான் வேண்டும். அதனால் வலை பின்னும் அண்ணனுக்கு இன்றும் 500 தருகிறோம், பெயர் எழுதி. காரில் வந்து, "பத்தாயிரம் ஸ்கேன் பண்றேன், ஐந்நூறு நீங்க வச்சுக்கிட்டு மீதிய ரொக்கமாக் குடுங்க" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். கல்லாவில் அவ்வளவு இல்லை என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். இருந்தது.